பட்டனுக்கு எதுக்குங்க ரெசிஸ்டர்? புல்-அப், புல்-டவுன் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்க இருக்கிற கணக்கு, கோடு எல்லாம் ஆர்டுயினோ ஊனோவுக்கு, அதாவது 5 வோல்ட்ல ஓடுற ஏடிமெகா328பி சிப்புக்கு. பட்டன் 2-ம் நம்பர் பின்ல இருக்கு. வேற போர்டு வெச்சிருக்கவங்க கடைசிக்கு முந்தின கேள்வியையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

பட்டனை தொடவே இல்ல, ஆனா சீரியல் மானிட்டர்ல 0, 1, 0, 0, 1னு இஷ்டத்துக்கு வருது. கையை கிட்ட கொண்டு போனாலே மாறுது. போர்டு போயிடுச்சா?

போர்டு நல்லாத்தான் இருக்கு. நீங்க பட்டனோட ஒரு காலை 5 வோல்ட்டுக்கும் இன்னொரு காலை பின் 2-க்கும் கொடுத்துட்டு அதோட விட்டிருப்பீங்க. அழுத்தும்போது பின்னுக்கு 5 வோல்ட் வருது, சரி. கையை எடுத்ததும் பின் எதோடயும் சேராம அந்தரத்துல தொங்குது, இதைத்தான் ஃப்ளோட்டிங்னு சொல்றோம்.

இன்புட்டா செட் பண்ண பின் கரன்ட்டே எடுத்துக்காது. டேட்டாஷீட்ல லீக்கேஜ் அதிகபட்சம் 1 மைக்ரோ ஆம்பியர்னு போட்டிருக்கான், நிஜத்துல அதைவிட ரொம்ப ரொம்ப கம்மி. அவ்வளவு கம்மியா எடுக்கிற பின்னோட வோல்டேஜை மாத்துறதுக்கு பெருசா எதுவும் தேவையில்ல, சுவத்துக்குள்ள ஓடுற 230 வோல்ட் லைன்ல இருந்து காத்து வழியா உங்க உடம்புக்கு வந்து அங்கிருந்து அந்த ஜம்பர் ஒயருக்கு தாவுற துளியூண்டு சிக்னலே போதும். அதனாலதான் கையை கிட்ட கொண்டு போனா ஆடுது, பக்கத்துல லேப்டாப் சார்ஜர் இருந்தா இன்னும் ஆடுது, பேட்டரில ஓட்டிக்கிட்டு மொட்டை மாடிக்கு போனா ஓரளவு அடங்கிடுது.

இதை கண்ணால பார்க்கணும்னா பின் 2-ல வெறும் ஒரு ஒயரை மட்டும் சொருகிட்டு இதை ஏத்துங்க:

```
void setup() {
  pinMode(2, INPUT);
  Serial.begin(9600);
}
void loop() {
  Serial.println(digitalRead(2));
  delay(7);
}
```

சீரியல் பிளாட்டரை திறந்துட்டு ஒயரோட பிளாஸ்டிக் மேல விரல் வைங்க. செம்பை தொடவே வேணாம், பிளாஸ்டிக் மேல வெச்சாலே கோடு மேலயும் கீழயும் குதிக்க ஆரம்பிச்சிடும்.

ஒண்ணும் கொடுக்கலன்னா 0 வோல்ட்தானே? அப்போ LOWனு தானே படிக்கணும்?

எல்லாருக்கும் முதல்ல தடுக்குற இடம் இது. 0 வோல்ட்ங்கிறதும் ஒரு வோல்டேஜ்தான், பின்னை கிரவுண்டோட சேர்த்தாதான் அது கிடைக்கும். எதோடயும் சேராத பின்னுக்கு இதுதான் வோல்டேஜ்னு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல.

சிப் என்ன பண்ணுதுன்னா, 5 வோல்ட் சப்ளைல 1.5 வோல்ட்டுக்கு கீழ இருந்தா அதை LOWனு கட்டாயம் எடுத்துக்கும், 3 வோல்ட்டுக்கு மேல இருந்தா HIGHனு கட்டாயம் எடுத்துக்கும். நடுவுல இருக்கிறதுக்கு டேட்டாஷீட் எந்த உத்தரவாதமும் தராது. "எனக்கு தெரியல"ன்னு சொல்ற வசதி digitalReadக்கு கிடையாது, ஏதோ ஒண்ணை சொல்லியே ஆகணும், சொல்லிட்டு போயிடும். அந்தரத்துல தொங்குற பின்னோட வோல்டேஜ் இந்த ரெண்டு எல்லையையும் தாண்டி தாண்டி போய் வர்றதைத்தான் நீங்க 0, 1னு பார்க்கிறீங்க.

மல்டிமீட்டர் வெச்சு பார்த்தேன், பின்ல கிட்டத்தட்ட 0 தான் காட்டுது, மீட்டர் வெச்சிருக்கும்போது கோடும் ஒழுங்கா ஓடுது. எடுத்தா திரும்ப ஆடுது. என்ன மாயம் இது?

மீட்டரே ஒரு ரெசிஸ்டர் மாதிரிதான். டிஜிட்டல் மல்டிமீட்டர் டிசி வோல்ட் ரேஞ்சுல பெரும்பாலும் 10 மெகா ஓம் இருக்கும். கருப்பு ப்ரோபை கிரவுண்ட்லயும் சிவப்பை பின்லயும் வெச்ச உடனே நீங்க அந்த பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு 10 மெகா ரெசிஸ்டரை போட்டுட்டீங்க. ரொம்ப பலவீனமான புல்-டவுன்தான், ஆனா லீக்கேஜ் அதைவிட பலவீனமா இருக்கிறதால பின் கீழ வந்து உட்கார்ந்துடுது. மிச்சமா 50 ஹெர்ட்ஸ் ஆட்டம் கொஞ்சம் இருந்தாலும் டிசி ரேஞ்சுல மீட்டர் அதை சராசரி பண்ணி 0-ன்னு காட்டிடும்.

ஒரு கோளாறு மீட்டர் ப்ரோபை வெச்சா மறையுது எடுத்தா வருதுன்னா, ஃப்ளோட்டிங்கா இருக்குமோன்னுதான் முதல்ல சந்தேகப்படணும். சால்டர் பண்ண போர்டுல விட்டுப்போன ஜாயின்ட்டை பிடிக்கறதுக்கும் இது உதவும்.

சரி, புல்-அப்னா என்ன, புல்-டவுன்னா என்ன? எதை எங்க மாட்டணும்?

பட்டன் அழுத்தாத நேரத்துல பின் எந்த வோல்டேஜ்ல இருக்கணும்னு ஒரு ரெசிஸ்டர் வழியா முடிவு பண்ணி வைக்கிறோம், அவ்வளவுதான். 5 வோல்ட் பக்கம் இழுத்து வெச்சா புல்-அப். கிரவுண்ட் பக்கம் இழுத்து வெச்சா புல்-டவுன்.

புல்-அப்புக்கு: 10கே ரெசிஸ்டரோட ஒரு முனை 5 வோல்ட்ல, இன்னொரு முனை பின் 2-ல. பட்டனோட ஒரு கால் அதே பின் 2-ல, இன்னொரு கால் கிரவுண்ட்ல. பட்டனை விட்டிருக்கும்போது ரெசிஸ்டர்ல கரன்ட் ஓடுறதுக்கு வழியே இல்ல, கரன்ட் இல்லன்னா ரெசிஸ்டர்ல வோல்டேஜ் விழாது, அதனால ரெசிஸ்டரோட அந்த முனைல என்ன 5 வோல்ட் இருக்கோ அதே 5 வோல்ட் பின்லயும் இருக்கும். அழுத்தினா பின் நேரா கிரவுண்டோட சேர்ந்துடுது. அப்போ ரெசிஸ்டர் வழியா 0.5 மில்லி ஆம்பியர் ஓடுது, 5 வோல்ட் மொத்தமும் ரெசிஸ்டர்லயே விழுந்துடுது, பின்ல 0 மிச்சம்.

புல்-டவுன் இதுக்கு கண்ணாடி பிம்பம். ரெசிஸ்டர் பின்ல இருந்து கிரவுண்டுக்கு, பட்டன் பின்ல இருந்து 5 வோல்ட்டுக்கு. விட்டிருந்தா LOW, அழுத்தினா HIGH.

ரெண்டுலயும் கவனிங்க, ரெசிஸ்டரும் பட்டனும் பின்கிட்ட சந்திக்குது, பட்டன் எந்த பக்கம் போகுதோ அதுக்கு எதிர்ப்பக்கம் ரெசிஸ்டர் போகுது. புதுசா பண்றவங்க நிறைய பேர் ரெசிஸ்டரை பட்டனுக்கும் பின்னுக்கும் நடுவுல வரிசையா போட்டுட்டு "ரெசிஸ்டர் போட்டுட்டேன், இன்னும் ஆடுது"ன்னு வருவாங்க. அங்க போட்டா அது எதையும் இழுக்காது, பட்டனை விட்டதும் பின் பழையபடி அந்தரத்துலதான்.

ரெசிஸ்டர் எதுக்கு? நேரா ஒரு ஒயரால 5 வோல்ட்ல கட்டிட்டா பின் ஸ்ட்ராங்கா HIGHல இருக்குமே?

இருக்கும், பட்டனை அழுத்துற வரைக்கும். அழுத்தின உடனே 5 வோல்ட்டும் கிரவுண்டும் பட்டன் வழியா நேரா சேர்ந்துடும், அதுக்கு பேரு ஷார்ட். கம்ப்யூட்டர் யூஎஸ்பில ஓடிக்கிட்டு இருந்தா ஊனோல இருக்கிற ரீசெட் ஆகுற ஃபியூஸ் தடுத்து போர்டு ஆஃப் ஆகி ஆஃப் ஆகி ஆன் ஆகும், லித்தியம் பேட்டரில ஓடினா ஒயர் சூடாகி பிளாஸ்டிக் உருகுற வாசனை வரும்.

தானா மூடிக்கிற கதவுல ஒரு ஸ்பிரிங் இருக்குமே, புல் ரெசிஸ்டர் அதுதான். ஆள் இல்லாதப்ப கதவு மூடி இருக்கணும், காத்துக்கு திறந்துக்க கூடாது, ஆனா குழந்தை தள்ளினாலும் திறக்கணும். ஸ்பிரிங்குக்கு பதிலா ஆணி அடிச்சிட்டா எப்படி இருக்கும், ஒயர் போடுறது அப்படித்தான்.

எல்லாரும் 10கேங்கிறாங்க. அதுல என்ன விசேஷம்? என்கிட்ட 1கே, 4.7கே, 1 மெகா எல்லாம் இருக்கு.

விசேஷம் ஒண்ணும் இல்ல, நடுவாந்திரமா இருக்கு, எல்லா கடையிலயும் கிடைக்குது, ப்ரவுன் கருப்பு ஆரஞ்சு கோல்டுன்னு கலர் பார்த்தே எடுத்துடலாம். எந்த பக்கம் போனா என்ன கெடுதல்னு தெரிஞ்சிக்கிட்டா நீங்களே தேர்ந்தெடுத்துக்கலாம்.

கீழ போனா கரன்ட் வீணாகும். 10கேல அழுத்தியிருக்கிற நேரம் மட்டும் 0.5 மில்லி ஆம்பியர், 1கேல 5 மில்லி ஆம்பியர். 220 ஓம் போட்டா 22 மில்லி ஆம்பியருக்கு மேல, அது ஒரு எல்இடி எரியுற கரன்ட். சுவர் அடாப்டர்ல ஓடுறதுக்கு 1கே போட்டாலும் ஒரு பிரச்சினையும் வராது, ஆனா காயின் செல்லுல ஓடுற ரிமோட்ல யாராவது பட்டன் மேல புத்தகத்தை வெச்சிட்டா பேட்டரி சீக்கிரம் காலி.

மேல போனா பிடி தளரும். 1 மெகா போடுறீங்கன்னு வைங்க, டேட்டாஷீட்ல சொன்ன அதிகபட்ச லீக்கேஜ் 1 மைக்ரோ ஆம்பியர் அதுல ஓடினாலே 1 மெகா × 1 மைக்ரோ = 1 வோல்ட் போயிடும், 5 வோல்ட் இருக்க வேண்டிய பின் 4-ல நிக்கும். அதுகூட HIGHதான், ஆனா அதுக்கு மேல விரல் ஈரம், போர்டு மேல காயாத ஃபிளக்ஸ், பக்கத்து ஒயர்ல இருந்து தாவுற சிக்னல் எல்லாம் சேர்ந்தா 3 வோல்ட்டுக்கு கீழ இறங்குறதுக்கு நேரம் ஆகாது. 10கேல அதே லீக்கேஜ் 0.01 வோல்ட்தான், கண்டுக்கவே வேணாம்.

அதனால 4.7கேல இருந்து 47கே வரைக்கும் கையில என்ன இருக்கோ போடுங்க, மேஜை மேல வெச்சு பண்ற ப்ராஜெக்டுக்கு வித்தியாசமே தெரியாது. 9.8கேவா 10.2கேவான்னு அளந்து பார்க்கிறதெல்லாம் இந்த வேலைக்கு வேண்டாத வேலை.

INPUT_PULLUPனு போட்டா ரெசிஸ்டரே வேணாம்ங்கிறாங்களே, நிஜமா?

நிஜம்தான். சிப்புக்குள்ளயே ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு புல்-அப் இருக்கு, அந்த வார்த்தை அதை ஆன் பண்ணுது. பட்டனோட ஒரு கால் பின் 2-ல, இன்னொரு கால் கிரவுண்ட்ல, வேலை முடிஞ்சது. வீட்டுக்குள்ள, ஒயர் ஒரு சாண் நீளம்னா நானும் இதைத்தான் பண்ணுவேன், தனியா ரெசிஸ்டர் மாட்டிக்கிட்டு இருக்க மாட்டேன்.

உள்ள இருக்கிற ரெசிஸ்டர் துல்லியமானது கிடையாது. 20கேல இருந்து 50கே வரைக்கும் எது வேணா இருக்கலாம்னு டேட்டாஷீட் சொல்லுது. உங்க சிப்புல எவ்வளவுன்னு பார்க்கணும்னா பின் 2-ஐ INPUT_PULLUPல வெச்சிட்டு, பட்டனை கழட்டிட்டு, மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சுல போட்டு பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல வைங்க. 140 மைக்ரோ ஆம்பியர் காட்டுதுன்னா 5 ÷ 0.00014, கிட்டத்தட்ட 36கே. ஆனா ஒண்ணு, கோடுல அந்த பின் OUTPUTஆ இல்லன்னு உறுதி பண்ணிட்டு வைங்க. OUTPUT HIGHல இருக்கும்போது இப்படி ஆம்மீட்டரை வெச்சா பின்னை ஷார்ட் பண்ற மாதிரி, ஒரு பின்னுக்கு 40 மில்லி ஆம்பியர்தான் உச்சவரம்பு, அதை தாண்டி அந்த பின் போயிடலாம், மீட்டர் ஃபியூஸும் போயிடலாம்.

பழைய கோடுல `pinMode(2, INPUT); digitalWrite(2, HIGH);`ன்னு பார்த்து குழம்பியிருப்பீங்க, இன்புட் பின்னுக்கு எதுக்குடா ரைட் பண்றான்னு. இந்த சிப்புல அதுக்கும் அர்த்தம் உள் புல்-அப்பை ஆன் பண்றதுதான், INPUT_PULLUPங்கிற வார்த்தை ஆர்டுயினோ 1.0.1-லதான் வந்துச்சு. அதே காரணத்தால, INPUT_PULLUP போட்ட பின்னுக்கு எங்கயாவது தெரியாம `digitalWrite(2, LOW)` பண்ணிட்டா புல்-அப் சத்தமில்லாம ஆஃப் ஆகி பின் மறுபடி ஆட ஆரம்பிச்சிடும்.

புல்-அப் போட்டா அழுத்தினா 0 வருது, விட்டா 1 வருது. தலைகீழா இருக்கே, புல்-டவுனே போட்டுடலாமா?

வேணும்னா போடலாம், தப்பில்ல. ஆனா ஊனோ சிப்புல உள்ளுக்குள்ள புல்-டவுன் கிடையாது, அதனால வெளிய ரெசிஸ்டர் கட்டாயம். ஒரு தலைகீழை சரி பண்றதுக்கு கோடுல ஒரு இடம் போதும்:

```
const int BTN = 2;

void setup() {
  pinMode(BTN, INPUT_PULLUP);
  pinMode(LED_BUILTIN, OUTPUT);
}
void loop() {
  bool pressed = (digitalRead(BTN) == LOW);
  digitalWrite(LED_BUILTIN, pressed);
}
```

படிக்கிற இடத்துலயே `== LOW`ன்னு ஒரு தடவை திருப்பிட்டா அதுக்கப்புறம் pressedனா அழுத்தியிருக்குன்னு அர்த்தம், மீதி கோடு முழுக்க நேராத்தான் இருக்கும்.

இந்த பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னா பழைய டிடிஎல் லாஜிக் சிப்புகள்ல இருந்து, 7400 குடும்பம்னு சொல்வாங்களே அது. அதுல ஒரு இன்புட்டை LOWல பிடிச்சு வைக்கணும்னா அதுல இருந்து வெளிய வர்ற 1.6 மில்லி ஆம்பியர் வரைக்கும் கிரவுண்டுக்கு இறக்கணும். 10கே புல்-டவுன் போட்டா அந்த கரன்ட்டுக்கு இன்புட் கீழ இறங்கவே இறங்காது. HIGHல வைக்கிறதுக்கு மட்டும் கொஞ்சூண்டு கரன்ட் போதும். அதனால அந்த காலத்துல புல்-அப்தான் வழி, பட்டன் கிரவுண்டுக்குத்தான் போகும். இப்ப இருக்கிற சீமாஸ் சிப்புக்கு அந்த கட்டாயம் இல்ல, பழக்கம் மட்டும் மிச்சம். ஆனா பழக்கத்துல ஒரு நன்மையும் இருக்கு: பட்டன் தூரத்துல ஒரு பெட்டில இருந்தா அங்க போறது கிரவுண்ட் ஒயரும் சிக்னல் ஒயரும்தான். ஒயர் நசுங்கி பெட்டியோட இரும்புல பட்டாலும் பட்டன் அழுத்தின மாதிரி தெரியும், அவ்வளவுதான், 5 வோல்ட் ஒயரை அங்க வரைக்கும் இழுத்திருந்தா சப்ளையே ஷார்ட் ஆகியிருக்கும்.

புல்-டவுன் சர்க்யூட் போட்டிருக்கேன், கோடுல INPUT_PULLUPனு இருக்கு. சில போர்டுல ஓடுது, சிலதுல எப்பவும் HIGH. ஏன்?

ஒரே பின்னை ரெண்டு ரெசிஸ்டர் ரெண்டு பக்கம் இழுத்துக்கிட்டு இருக்கு. உள்ள இருக்கிறது 5 வோல்ட்டுக்கு, நீங்க போட்டது கிரவுண்டுக்கு, யார் ஜெயிக்கிறாங்கன்னு வோல்டேஜ் டிவைடர் கணக்கு போட்டா தெரிஞ்சிடும்.

வெளிய 10கே, உள்ள 36கேன்னு வைப்போம். பட்டன் விட்டிருக்கும்போது பின்ல 5 × 10 ÷ 46, அதாவது 1.09 வோல்ட். 1.5-க்கு கீழ, LOW, சர்க்யூட் ஓடுது. இதுவே உள்ள 20கே இருக்கிற சிப்பா அமைஞ்சா 5 × 10 ÷ 30 = 1.67 வோல்ட். உத்தரவாத எல்லையை தாண்டிடுச்சு. அப்பவும் பெரும்பாலும் LOWனுதான் படிக்கும், ஏன்னா நிஜமா மாறுற இடம் இன்னும் கொஞ்சம் மேலதான் இருக்கும், ஆனா வெளிய இருந்து சின்னதா ஒரு சிக்னல் தாவி வந்தாலும் தாங்குறதுக்கு இடமில்ல.

வெளிய 10கேக்கு பதிலா 47கே போட்டிருந்தீங்கன்னா? 20கே சிப்புல 5 × 47 ÷ 67 = 3.5 வோல்ட், பட்டனை தொடாமலே HIGH, அழுத்தினாலும் HIGH. 36கே சிப்புல 2.8 வோல்ட், எந்த பக்கமும் இல்லாத நடுப்பகுதி. ஒரே கோடு, ஒரே ரெசிஸ்டர், போர்டு மாத்தினா நடத்தை மாறுதுங்கிறது இப்படித்தான் வருது.

கண்டுபிடிக்கிறது சுலபம், பட்டனை தொடாம பின்ல வோல்டேஜ் அளங்க. நல்ல சர்க்யூட்ல 0-ஓ 5-ஓ சுத்தமா வரும். 1, 2, 3னு நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் இழுபறி நடக்குது. வெளிய ரெசிஸ்டர் புல்-டவுன்னா கோடுல வெறும் INPUT போடுங்க.

நாலு கால் பட்டன், அழுத்தாமலே எப்பவும் அழுத்தின மாதிரி காட்டுது.

பட்டனை 90 டிகிரி திருப்பி சொருகியிருக்கீங்க. அந்த சின்ன சதுர பட்டன்ல நாலு கால் இருந்தாலும் உள்ள ரெண்டு தகடுதான், ரெண்டு ரெண்டு கால் எப்பவும் ஒண்ணா சேர்ந்தே இருக்கும். மீட்டரை பீப் சத்தம் வர்ற கன்டின்யூட்டில வெச்சு தொட்டு பாருங்க, அழுத்தாமலே பீப் அடிக்கிற ஜோடி எதுன்னு தெரியும். குழப்பமே வேணாம்னா குறுக்கா எதிரெதிர் மூலைல இருக்கிற ரெண்டு காலை எடுத்துக்கோங்க, எப்படி திருப்பி வெச்சாலும் அது ரெண்டும் அழுத்தினா மட்டும்தான் சேரும். பிரட்போர்டுல நடு பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் கால் இருக்கிற மாதிரி வெக்கணும்.

புல்-அப் சரியா இருக்கு, ஆனா ஒரு தடவை அழுத்தினா கவுண்ட் 3 ஏறுது. ரெசிஸ்டரை மாத்தணுமா?

மாத்தி பிரயோஜனம் இல்ல, இது பவுன்ஸ். பட்டனுக்குள்ள ரெண்டு உலோகம் மோதும்போது சில மில்லி செகண்ட் ஒட்டி விலகி ஒட்டி விலகி அப்புறம்தான் நிக்கும், சிப்புக்கு அந்த நேரமே அதிகம், ஒவ்வொண்ணையும் தனித்தனி அழுத்தா எண்ணிடும். ரெண்டையும் பிரிச்சு பார்க்கிறது எப்படின்னா, பட்டனை தொடாதப்பவே ஆடினா ஃப்ளோட்டிங், தொடும்போதும் விடும்போதும் மட்டும் கூடுதலா எண்ணினா பவுன்ஸ். ஒரு மாற்றத்தை ஏத்துக்கிட்ட பிறகு 30 மில்லி செகண்டுக்கு கண்ணை மூடிக்கிட்டா போதும்:

```
bool r = digitalRead(BTN);
if (r != last && millis() - t > 30) {
  t = millis();
  last = r;
  if (r == LOW) count++;
}
```

`last` ஆரம்பத்துல HIGH, `t` ஒரு unsigned long, ரெண்டும் குளோபலா இருக்கணும். விடும்போது வர்ற பவுன்ஸையும் இது பிடிச்சிடும், நெட்ல கிடைக்கிற பல கோடு அழுத்தும்போது வர்றதை மட்டும் பார்த்துட்டு இதை விட்டுடுது.

ஈஎஸ்பி32-ல INPUT_PULLUP போட்டும் பின் ஆடுது.

பின் நம்பர் 34, 35, 36, 39 இதுல எதையாவது எடுத்திருப்பீங்க. ஈஎஸ்பி32-ல அந்த நாலும் இன்புட் மட்டும்தான், உள்ள புல்-அப்பும் கிடையாது புல்-டவுனும் கிடையாது, கோடுல எழுதினா எரர் காட்டாம விட்டுடும், ஆனா எதுவும் நடக்காது. வேற பின்னுக்கு மாத்துங்க, இல்ல வெளிய 10கே போடுங்க. போடும்போது 3.3 வோல்ட்டுக்கு போடணும், ஊனோ பழக்கத்துல 5 வோல்ட்டுக்கு போட்டுடாதீங்க, அந்த பின் 5 வோல்ட்டுக்கு செஞ்சதில்ல. மத்த பின்கள்ல INPUT_PULLDOWNகூட இருக்கு.

ஊனோவுலயும் இதே மாதிரி ஒரு தொல்லை பின் 13-ல உண்டு. பழைய ஆர்டுயினோ போர்டுகள்ல அந்த பின்ல எல்இடி நேரா தொங்குது, உள் புல்-அப்பை ஆன் பண்ணா எல்இடி வழியா கரன்ட் ஒழுகி பின் 1.7 வோல்ட் கிட்ட நின்னுடும். பட்டனுக்கு 13 வேணாம்.

கேட்ல காலிங் பெல் பட்டன், உள்ள ஹால்ல ஊனோ, நடுவுல 10 மீட்டர் ஒயர். INPUT_PULLUPல ஓடுது, ஆனா மோட்டார் போட்டா பெல் அடிக்குது, மழை வந்தாலும் அடிக்குது.

ரெண்டும் வேற வேற காரணம், மருந்து பாதி ஒண்ணுதான்.

மழையை முதல்ல பார்ப்போம். பட்டனோட ரெண்டு காலுக்கும் நடுவுல ஈரமும் தூசியும் சேர்ந்து ஒரு ரெசிஸ்டர் மாதிரி ஆயிடுது. அது 20கேன்னு வைங்க, உள் புல்-அப் 50கேவா அமைஞ்சிட்டா பின்ல 5 × 20 ÷ 70 = 1.43 வோல்ட்தான், LOW, பெல் அடிச்சிடும், கேட்ல ஆளே இருக்காது. ஹால்ல போர்டுகிட்ட வெளி புல்-அப்பா 2.2கே ஒண்ணு போடுங்க. இப்ப அதே ஈரத்துல 5 × 20 ÷ 22.2 = 4.5 வோல்ட், அசையாம HIGH. அழுத்தும்போது 2.3 மில்லி ஆம்பியர் ஓடும், பெல் பட்டனை யாரும் நாள் முழுக்க அழுத்தப்போறதில்ல.

மோட்டார் ஆன் ஆஃப் ஆகும்போது வர்ற ஸ்பைக்கை அந்த 10 மீட்டர் ஒயர் ஆன்டெனா மாதிரி வாங்கிக்குது. 2.2கே வந்ததும் அது பாதி அடங்கும், மிச்சத்துக்கு பின்கிட்ட ஒரு சின்ன ஃபில்டர். கேட்ல இருந்து வர்ற ஒயரும் 2.2கேயும் சந்திக்கிற இடத்துல இருந்து பின் 2-க்கு நேரா போகாம நடுவுல ஒரு 1கே, அந்த 1கே முடிஞ்சு பின் ஆரம்பிக்கிற இடத்துல இருந்து கிரவுண்டுக்கு 100 நானோ ஃபேரட் செராமிக் கப்பாசிட்டர், மேல 104ன்னு எழுதியிருக்குமே அது. பட்டனை விட்டதும் கப்பாசிட்டர் 3.2கே வழியா ஏறும், டைம் கான்ஸ்டன்ட் 0.32 மில்லி செகண்ட், விரலுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது, ஆனா சில மைக்ரோ செகண்ட்ல வந்துட்டு போற ஸ்பைக் அதுல அமுங்கிடும். அந்த 1கே இன்னொரு வேலையும் பண்ணுது, ஒயர்ல பெரிய வோல்டேஜ் வந்தா பின்னுக்குள்ள போற கரன்ட்டை குறைக்கும்.

ஒயருக்கு நெட்வொர்க் கேபிள்ல இருக்கிற முறுக்கின ஒரு ஜோடியை எடுத்துக்கோங்க, ஒண்ணு சிக்னல், அதோட ஜோடி கிரவுண்ட். மோட்டார் லைன் போற பைப்புக்குள்ளயே இதையும் நுழைக்காதீங்க. பின் மாறின உடனே ஓடுற இன்டரப்ட் வெச்சிருந்தீங்கன்னா அதை எடுத்துட்டு மேல இருக்கிற 30 மில்லி செகண்ட் கோடை, LOW தொடர்ந்து 30 மில்லி செகண்ட் நின்னா மட்டும் அழுத்தினதா எடுத்துக்கிற மாதிரி மாத்துங்க. இவ்வளவு பண்ணியும் மோட்டாருக்கு பெல் அடிச்சா, அதுவும் இடி மின்னல் சீசன்ல போர்டு செத்து செத்து போகுதுன்னா, புல்-அப்போட நிறுத்திக்காம நடுவுல பிசி817 மாதிரி ஒரு ஆப்டோகப்ளர் வெச்சு, கேட் ஒயருக்கு தனியா ஒரு சின்ன அடாப்டர் கொடுத்து, கிரவுண்டையும் பிரிச்சு விட்டுடுங்க.